குறைந்தது இரண்டில் அந்த இரண்டும் உண்டு

"தரப் பரிசோதனைக் கணக்கொன்றைப் படம் பிடித்து அனுப்பியுள்ளேன். மின்குமிழ்களில் 10% பழுது, எழுமாறாக 10 எடுக்கப்படுகின்றன. சரியாக 2, குறைந்தது 2, கூடியது 2 பழுதாக இருப்பதற்கான நிகழ்தகவுகள் என்ன? இரண்டாவதற்கு எனக்கு 0.0702 வருகிறது, விடைத்தாளில் 0.2639. எங்கே பிழை?" – உயர்தர மாணவி, வெள்ளவத்தை

படத்தின் ஓரத்தில் உங்கள் பென்சில் கணக்கும் விழுந்திருக்கிறது. அதனால் பிழையைத் தேட வேண்டியிருக்கவில்லை: 1 − 0.9298 என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதற்பகுதி சரி. குறிப்பிட்ட இரண்டு குமிழ்கள், அதாவது முதலிரண்டு, பழுதாகி மற்ற எட்டும் எரிவதற்கான நிகழ்தகவு 0.1² × 0.9⁸, ஏறத்தாழ 0.0043. ஆனால் பழுதான இரண்டும் பத்தில் எந்த இரண்டாகவும் இருக்கலாம். அப்படி 45 சோடிகள் உண்டு. எனவே:

P(X = 2) = 45 × 0.1² × 0.9⁸ = 0.1937

பலர் இந்த 45ஐ மறந்துவிடுவார்கள். நீங்கள் மறக்கவில்லை.

சறுக்கியது அடுத்த பகுதியில். "குறைந்தது இரண்டு பேராவது வாருங்கள்" என்று வீட்டுக்கு அழைத்தால், இருவர் வந்தாலே சொன்னது நிறைவேறிவிடும். அதுபோலத்தான் இங்கும், இரண்டு பழுது என்பது உள்ளே இருக்க வேண்டும். வெளியே தள்ள வேண்டியவை 0, 1 ஆகிய இரண்டு மட்டுமே. நீங்கள் 2ஐயும் சேர்த்துத் தள்ளியதால் "மூன்று அல்லது அதற்கு மேல்" என்ற வேறொரு கேள்விக்கு விடை எழுதிவிட்டீர்கள்.

P(X = 0) = 0.9¹⁰ = 0.3487
P(X = 1) = 10 × 0.1 × 0.9⁹ = 0.3874
P(X ≥ 2) = 1 − 0.7361 = 0.2639

"குறைந்தது" என்ற சொல்லில் "குறைவு" ஒலிப்பதால் கீழ்ப்பக்கம் கூட்டத் தொடங்குபவர்களும் உண்டு. சொல்லைப் பார்த்ததும் ≥ குறியை எழுதிவிட்டு, பிறகு பேனையை ஓட்டுங்கள். கூடியது 2 என்பது ≤. அதற்கு 0, 1, 2 மூன்றையும் கூட்டினால் 0.9298. நீங்கள் கழித்த அதே எண்தான்.

விடைத்தாள் இல்லாத இடத்திலும் பிழையைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. "குறைந்தது 2", "கூடியது 2" இரண்டிலும் 2 இடம்பெறுவதால், கூட்டும்போது அது இருமுறை எண்ணப்படுகிறது. ஆகவே கூட்டுத்தொகை 1ஐத் தாண்ட வேண்டும், அதுவும் சரியாக 0.1937 அளவுக்கு. 0.2639 + 0.9298 = 1.1937. உங்கள் விடையை வைத்துக் கூட்டினால் 1 மட்டுமே வரும்.

இன்னொன்று. உங்கள் வினாவில் குமிழ்கள் பெருந்தொகை உற்பத்தியிலிருந்து எடுக்கப்படுவதால் ஈருறுப்புப் பரம்பல் பொருந்துகிறது. "40 குமிழ்கள் உள்ள பெட்டியில் 4 பழுது, மீள வைக்காமல் 10 எடுக்கப்படுகின்றன" என்று வந்தால் பொருந்தாது. ஒன்றை எடுத்ததும் மீதியின் விகிதம் மாறிவிடும். சரியாக 2க்கான விடை அங்கே 0.2142.