ஆயிரம் தாய்மாரில் எத்தனை பேர்?

"திருகோணமலையில் ஒரு வைத்தியசாலையின் மகப்பேற்று விடுதிக்கு ஆய்வுத் தொகுப்புகளைச் சுருக்கிக் கொடுப்பது என் வேலை. ஒரு பக்கத்துக்குள் அடக்கித்தான் கொடுக்கிறேன். டொக்டர்மார் பார்த்துவிட்டு, 'சரி, இப்ப என்ன செய்யிறது?' என்று கேட்கிறார்கள். எங்கே பிழைக்கிறது?"

பெரும்பாலும் எண்களில்தான். தொகுப்பின் முகப்பில் உள்ள எண்ணை அப்படியே இறக்கி வைத்தால் அது கட்டிலருகே உதவாது.

கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் உயரும் நோயான பிரீ-எக்லாம்சியா உள்ள தாய்மாருக்கு வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் கொடுப்பது பற்றிய 2010 கொக்ரேன் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்ட 6 ஆய்வுகள், 11,444 பெண்கள். வலிப்புக்கான ரிலேட்டிவ் ரிஸ்க், அதாவது மருந்து பெற்றோரின் ஆபத்தைப் பெறாதோரின் ஆபத்தால் வகுத்த எண், 0.41. அந்த எண் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்டும் நம்பிக்கை இடைவெளி 0.29 முதல் 0.58. "வலிப்பு 59 சதவீதம் குறையும்" என்று எழுதினால் பொய்யில்லை. ஆனால் எவ்வளவிலிருந்து குறைகிறது என்பது அதில் இல்லை.

அதை ஆயிரம் பேருக்கு மாற்றுங்கள். 2002இல் வெளிவந்த மேக்பை ஆய்வில் மருந்து பெறாதவர்களில் 1.9 சதவீதத்தினருக்கு, அதாவது 1000க்கு 19 பேருக்கு, வலிப்பு வந்தது. 19ஐ 0.41ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 8. ஆகவே 11 பேர் தப்புகிறார்கள். இடைவெளியின் இரு முனைகளையும் இதேபோல் பெருக்கிப் பார்த்தால் தப்புவோர் 8 முதல் 13 பேர் வரை.

இங்கே ஒரு பொறி உண்டு. 19க்குப் பதிலாக உங்கள் விடுதிப் பதிவேட்டின் எண்ணைப் போடத் தோன்றும். அங்கே அநேகமானோருக்கு மெக்னீசியம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கும். அந்த எண் மருந்தில்லா நிலையைக் காட்டாது. ஆய்வின் எண்ணையே வைத்து, நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு ஆபத்தும் பலனும் இதைவிடக் கூடும் என்று ஒரு வரி சேருங்கள்.

தீமையையும் அதே அளவுகோலில் எழுத வேண்டும். பக்கவிளைவு மருந்து பெற்றோரில் 24 சதவீதம், பெறாதோரில் 5. எனவே 1000க்கு 190 பேர் கூடுதல். பலனை விகிதத்திலும் தீமையைச் சதவீதத்திலும் எழுதினால் பலன் பெரிதாகத் தெரியும். இது நேர்மையான சுருக்கமாகாது.

தாய் மரணத்துக்கான ரிலேட்டிவ் ரிஸ்க் 0.54, இடைவெளி 0.26 முதல் 1.10. 1 என்றால் இரு தரப்புக்கும் ஆபத்து சமம். இடைவெளி 1ஐத் தாண்டுவதால் "மரணம் பாதியாகக் குறையும்" என்பதும் தவறு, "பயனில்லை" என்பதும் தவறு. "குறையலாம், உறுதியில்லை" என்பதே சரி.

இனிப் பக்கத்தின் தலைப்பில் இப்படி எழுதலாம்: "பிரீ-எக்லாம்சியா உள்ள 1000 தாய்மாருக்கு மெக்னீசியம் சல்பேட் கொடுத்தால் ஏறக்குறைய 11 பேருக்கு வலிப்பு வராது. 190 பேருக்குக் கூடுதலாகப் பக்கவிளைவு வரும், பெரும்பாலும் உடல் சூடாகிச் சிவத்தல்." அதன் கீழே வலிப்பு, மரணம், பக்கவிளைவு என்று மூன்று வரி அட்டவணை போதும். ஆய்வு முறைகளுக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். அடியில் தொகுப்பின் ஆண்டையும், அது எந்தத் திகதி வரை ஆய்வுகளைத் தேடியது என்பதையும் எழுதுங்கள். அந்தத் திகதிக்குப் பிறகு வந்தவை இதில் இல்லை என்று டொக்டருக்குத் தெரிய வேண்டும்.