புட்டு அவிக்கும் நேரத்துக் கைப்பேசி

"மூன்று வயது மகனுக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் கைப்பேசி என்று விதி வைத்தேன், ஒரு கிழமைகூட நிற்கவில்லை. ஏன்?"

உலக சுகாதார நிறுவனம் 2019இல் 2 முதல் 4 வயதினரின் திரை நேரத்துக்குச் சொன்ன உச்ச அளவும் அதுவே. ஆனால் அந்த வயதுக்கு மணிக்கணக்குப் புரியாது. விதி கைப்பேசியை எடுத்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விடுகிறது.

உப்புவெளியில் எங்கள் வீட்டில் சிக்கல் மாலை ஆறரைக்கு, புட்டு அவிக்கும்போதுதான் எழுந்தது. ஆகவே மகள் கேட்பதற்கு முன்பே, அடுப்பிலிருந்து எட்டப் பாய் விரித்து, முருங்கை இலை உருவுவதற்குச் சுளகைக் கொடுத்தோம். அதற்கு முன் கொடுத்த வர்ணப் புத்தகம் தோற்றது (பென்சில் முனை முறியும்போதெல்லாம் என்னை அழைத்தாள்). மாற்று வேலை பெரியவரின் கையை இடையிடையே கேட்டால், களைத்த நாளில் கைப்பேசியே திரும்பி வரும்.