பர்னர் மஞ்சளாக எரிந்தால் ரெகுலேட்டர் என்ன செய்யும்?

கேள்வி: எங்கள் அடுப்பில் இடதுபக்க பர்னர் மட்டும் மந்தமாக, மஞ்சளாக எரிகிறது. குக்கரின் அடி கரியாகிறது. ரெகுலேட்டரை மாற்றச் சொல்கிறார் பாத்திரக் கடைக்காரர். மாற்றவா? (வாசகி, திருச்சி)

பதில்: வலதுபக்கம் நீலமாக எரிகிறதா? எரிந்தால் ரெகுலேட்டர் மீது பழி போடாதீர்கள். இரண்டு பர்னருக்கும் அது ஒன்றுதான். அதில் கோளாறு என்றால் இரண்டும் சேர்ந்தே மங்கும்.

ஜெட்டின் ஊசித் துளையிலிருந்து பீறிடும் வாயு, பக்கத்துத் திறப்பின் வழியாகக் காற்றையும் இழுத்துக்கொண்டு பர்னரின் குழாய்க்குள் போகிறது. பொங்கிய பால் தலையிலுள்ள துளைகளை அடைத்தாலோ, குழாயில் சிலந்தி வலை கட்டினாலோ காற்று குறைகிறது. முழுதாக எரியாத வாயுதான் மஞ்சளும் கரியும். கூடவே நச்சுவாயுவும் வரும் என்பதால் சரிசெய்யும்வரை ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அடுப்பு ஆறியதும் ரெகுலேட்டரை மூடிவிட்டு பர்னரைத் தூக்கி எடுங்கள். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பாட்டில் பிரஷ்ஷால் தேயுங்கள். சோப்புக் கலந்த வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, தலையிலுள்ள துளைகளை மட்டும் ஊக்கால் ஒவ்வொன்றாகக் குத்துங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரம் இருந்தால் மறுபடி மஞ்சளாகவே எரிந்து, புதிய பர்னர் வாங்க ஓடுவீர்கள். குழாயின் வாய் ஜெட்டுக்கு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சில அடுப்புகளில் அந்த இடத்தில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் சிறு தகடு இருக்கும். அது மூடியிருந்தால், சுடர் நீலமாகும்வரை மெல்லத் திறந்தால் போதும்.

கேள்வி: ஏஜென்சியிலிருந்து வருவதாகச் சொல்லி ஒருவர், அம்மா தனியாக இருந்தபோது அடுப்பை 'சர்வீஸ்' செய்து 900 ரூபாய் வாங்கிப் போனார். இப்போது சுடர் முன்பைவிடப் பெரிது, ஆனால் மஞ்சள். பாத்திரமெல்லாம் கரி. (வாசகர், மதுரை)

பதில்: உங்கள் அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். இப்படிப்பட்ட ஒருவரிடம் 'கேஸ் மிச்சமாகும்' என்ற வளையத்தை வாங்கிப் பரணில் போட்டு வைத்திருப்பவன் நான்.

அவர் என்ன செய்திருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஜெட்டின் துளையை ஊசியால் குடைந்திருப்பார். என்னை எரிச்சலூட்டும் வேலைகளில் முதலிடம் இதற்குத்தான். ஜெட் மென்மையான பித்தளை. இரும்பு ஊசி நுழைந்தால் துளை விரியும். வாயு கூடும், காற்றுத் திறப்பு அப்படியே இருக்கும். சுடர் உயரமாக எழுவதைப் பார்த்து 'நன்றாக எரிகிறதே' என்று காசு கொடுத்துவிடுவோம். உண்மையில் சிலிண்டர் சீக்கிரம் தீரும், சமையல் தாமதமாகும். பர்னர் தலையில் ஊக்குப் போகலாம், ஜெட்டில் கூடாது. ஜெட் அடைத்துக்கொண்டால் மாற்றுவதே வழி, விலையும் சொற்பம். உங்கள் அடுப்பின் மாடலைச் சொல்லி, அதற்குரிய அளவையே மெக்கானிக்கைப் போடச் சொல்லுங்கள். மாட்டியபின் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்காமல் அவரை அனுப்பாதீர்கள்.

'இன்ன தேதியில் ஆள் அனுப்பினீர்களா?' என்று ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள். ஆம் என்றால் ரசீது கேட்டு, தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். இல்லை என்றால் அது காவல் நிலையத்துக்குரிய விஷயம்.

கேள்வி: இரண்டு பர்னரும் மங்கலாக எரிகின்றன. சுடரைக் கூட்டித் தரும் ரெகுலேட்டர் நடைபாதைக் கடையில் கிடைக்கிறதே? (வாசகர், வேலூர்)

பதில்: வாங்காதீர்கள். வீட்டு ரெகுலேட்டர் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் என்ற அழுத்தத்தில் வாயுவை விடுவதற்காகவே செய்யப்பட்டது; திருகிக் கூட்டுவது கடைவீதி அடுப்புகளுக்கானது. முதலில் சிலிண்டர் தீரப் போகிறதா, ரப்பர் குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ரெகுலேட்டரை ஏஜென்சிக்கு எடுத்துப் போங்கள். இணைப்பு வாங்கும்போது அதற்கும் சேர்த்துத்தானே டெபாசிட் கட்டினீர்கள்?

கேள்வி: இணையத்தில் பழைய அடுப்பு ஒன்றை 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். சிலிண்டரில் மாட்டினால் ஒரு சாண் உயரத்துக்கு மஞ்சள் சுடர். அது குழாய் வாயு இணைப்பில் இருந்த அடுப்பாம். ரசீது இல்லை. (வாசகர், சென்னை)

பதில்: வாங்கும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். குழாய் வாயு குறைந்த அழுத்தத்தில் வரும், வெப்பமும் குறைவு. அதனால் அந்த ஜெட்டின் துளை பெரியது. அதில் சிலிண்டர் வாயுவை விட்டால் இப்படித்தான் ஆகும். சிலிண்டருக்கான ஜெட்டுகளை மாற்றும்வரை பற்றவைக்காதீர்கள். ரசீதைப் பற்றி நான் என்ன சொல்ல?

கேள்வி: ரசம் பொங்கி வழிந்த பிறகு சுடரில் ஆரஞ்சுப் பொறி தெறிக்கிறது. ஆபத்தா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உப்பு. துடைத்துவிடுங்கள்.