சொம்புக்குக் கீழே தெரியும் பிம்பம்: வெட்டலாமா, விடலாமா?

கேள்வி: காரைக்குடியில் பழைய பித்தளைச் சாமான்களை ஆன்லைனில் விற்கிறேன். வீட்டு ஆத்தங்குடித் தரையிலேயே ஒரு சொம்பை வைத்துப் படம் எடுத்தேன். பின்னணியை வெட்டி வெள்ளையாக்கும்போது, கீழே கண்ணாடி மாதிரித் தெரியும் பிம்பத்தையும் எடுத்துவிடலாமா? அழகாக இருக்கிறதே என்று மனசு வரவில்லை.

பதில்: இந்தப் படத்தில் எடுத்துவிடுங்கள். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிமேல் வார்ப்பதால் அதன் முகம் வழவழவென்று இருக்கும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க இன்னும் மினுங்கும். ஆனால் அதில் விழும் பிம்பத்தினூடே கல்லின் சிவப்பும் பூவேலையும் தெரியும். இரண்டையும் பிரிக்க முடியாது. வெள்ளைக்கு மாற்றியதும் அது சொம்பின் காலடியில் அழுக்குத் திட்டாகத்தான் படும்.

எங்கே வெட்டுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பாதத்தை 300% பெரிதாக்கிப் பாருங்கள். பித்தளைக்கும் பிம்பத்துக்கும் நடுவே மயிரிழை போல ஒரு கருங்கோடு ஓடும். அதன் மேல் ஓரம்தான் சொம்பின் எல்லை. கோடு சரியாகத் தெரியாவிட்டால் பாதத்தில் ஒரு கீறலைத் தேடுங்கள். அதே கீறல் கீழே தலைகீழாக, சற்று மங்கலாக இருக்கும். இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில்தான் தரை. பென் டூல் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் சொம்புக்கு இரண்டடுக்குப் பாதம் இருப்பது போலாகிவிடும். வாங்குபவர் அதையும் நிஜமென்று நம்புவார்.

வெட்டிய பிறகு சொம்பு அந்தரத்தில் மிதக்கும். சொம்புக்கு அடியில் ஒரு புது லேயர் போட்டு, அதை Multiply-இல் வைத்து, மென்மையான பிரஷ்ஷால் பாதத்தை ஒட்டி மெல்லிய நிழல் ஒன்று தீட்டினால் போதும்.

சொம்பின் வயிற்றிலும் தரை சிவப்பாகத் தெரியுமே, அதை வெட்டாதீர்கள். அது பொருளின் உடம்பு. உறுத்தினால் அந்த இடத்தில் சிவப்பின் அடர்த்தியை மட்டும் கொஞ்சம் குறையுங்கள். மொத்தமாகக் குறைத்தால் பித்தளை ஈயம் மாதிரி வெளுத்துவிடும்.

பிம்பம் வேண்டும் என்றே ஆசையா? அப்போது வெறும் வெள்ளை அக்ரிலிக் ஷீட்டின் மேல் வைத்துத் திரும்ப எடுங்கள். அதில் பிம்பம் மட்டும்தான் விழும். சொம்பை ஒரு லேயரிலும் பிம்பத்தை Multiply-இல் இன்னொரு லேயரிலுமாக வைத்து, கீழே போகப் போகக் கரைந்துவிடும்படி மாஸ்க் போடுங்கள். உங்கள் கடையின் சொந்தப் பக்கத்துக்கு இது எடுப்பாக இருக்கும். அமேசானில் முதல் படத்துக்குச் சுத்த வெள்ளைப் பின்னணி கேட்பார்கள். அங்கே பிம்பம் இல்லாத படத்தையே போடுங்கள்.

ஆனால் சொம்பையே நகலெடுத்துத் தலைகீழாகத் திருப்பி ஒட்டிவிடாதீர்கள். நீங்கள் சற்று மேலிருந்து எடுத்திருப்பதால் சொம்பின் வாய்க்குள் தெரிகிறது. திருப்பி ஒட்டினால் கீழேயும் அதே வாய் திறந்திருக்கும். உண்மையான பிம்பத்தில் வயிற்றின் அடிப்பக்கம்தான் தெரியும், வாயின் உட்புறம் தெரியவே தெரியாது.