முந்திரி தோலுரிப்பில் 300 கிலோவுக்கு எத்தனை பேர்?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்களுக்குச் சிறிய முந்திரி ஆலை இருக்கிறது. தோலுரிக்கும் பிரிவில் நாளொன்றுக்கு 300 கிலோ பருப்பு எடுக்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு கிலோவுக்கு ஆகும் நேரத்தைப் பார்த்து ஆட்களைக் கணக்கிட்டால் போதுமா?

ஒரு கிலோவுக்கு நேரம் எடுப்பதில்தான் முதல் பிழையே வரும். நானும் இதே மாவட்டத்து ஆலை ஒன்றில் அந்தப் பிழையைச் செய்து ஒரு மழைக்காலம் முழுக்கத் திட்டு வாங்கினேன்.

தோலுரிப்பவரின் கை கிலோவைப் பார்த்து ஓடுவதில்லை, ஒவ்வொரு பருப்பாகத்தான் ஓடுகிறது. W320 என்பது ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு வரை நிற்கும் தரம். கிலோவுக்கு ஏறத்தாழ 700 பருப்பு. அதுவே W240 என்றால் கிலோவுக்கு 530 தான். ஒரே ஆள், ஒரே வேகம், ஆனால் கிலோவுக்கு ஆகும் நேரம் கால்பங்கு வித்தியாசப்படும். ஆகவே பருப்புக்கு நேரம் எடுத்துவிட்டு, அன்றைய சரக்கில் கிலோவுக்கு எத்தனை என்று எண்ணி அதைப் பெருக்குங்கள். உரித்த பருப்பில் அரைக் கிலோ எண்ணி இரட்டித்தால் போதும். உடைசல் அதிகம் உள்ள சரக்கைத் தனியாக எண்ண வேண்டும்.

ஒரு பருப்புக்கு மூன்று, நான்கு வினாடிதான் ஆகும். அதை ஒன்றொன்றாக அளந்தால் உங்கள் விரல் தாமதம்தான் கணக்கில் ஏறும். 50 பருப்பை எண்ணித் தட்டில் வைத்து, அந்த 50 முடியும் வரை ஒரே அளவாக எடுங்கள். எத்தனை அளவு எடுப்பது என்பதற்கு நான் பயன்படுத்தும் கணக்கு இது. 95 சதவீத நம்பகத்துக்கும் 5 சதவீதப் பிழைக்கும் பொருந்தும்:

```
n = (40 × s / x)²
```

இதில் x என்பது சராசரி, s என்பது திட்ட விலக்கம். சராசரி 200 வினாடி, விலக்கம் 20 என்றால் 16 அளவு போதும். விலக்கம் 40 என்றால் 64 வேண்டும். அப்படி வந்தால் அளவுகளைக் கூட்டுவதற்கு முன்பு சரக்கைப் பாருங்கள், இரண்டு வகைப் பருப்பு கலந்திருக்கலாம்.

நடுத்தர வேகத்தில் வேலை செய்யும் மூன்று பேரை வைத்து அளந்தபோது 50 பருப்புக்குச் சராசரி 200 வினாடி வந்தது, அதாவது ஒன்றுக்கு 4 வினாடி. இனி ரேட்டிங். பழகிய ஒருவர் நாள் முழுவதும் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம் 100. கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன்பே ரேட்டிங்கை எழுதிவிட வேண்டும். நேரத்தைப் பார்த்துவிட்டு எழுதினால் அந்த எண்ணுக்கு ஏற்றபடி மனம் வளையும். நான் பார்த்த மூவரின் சராசரி 95. ஆகவே இயல்பு நேரம் 4 × 0.95 = 3.8 வினாடி.

700 பருப்புக்கு அது 44 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். தட்டு எடுத்து வருவது, எடைபோடுவது போன்றவற்றுக்குக் கிலோவுக்கு 2 நிமிடம் சேர்த்தேன். அதன்மேல் அலவன்ஸ் 15 சதவீதம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பட்டியலில் பெண்களுக்குச் சொந்தத் தேவைக்கு 7, அடிப்படைச் சோர்வுக்கு 4 சதவீதம் என்று இருக்கிறது. மீதி 4 தட்டுக்குக் காத்திருப்பது போன்ற தடைகளுக்கு நான் வைத்தது. மொத்தத்தில் ஒரு கிலோவுக்கு 53 நிமிடம். 300 கிலோவுக்கு 266 தர மணி, அதாவது உங்கள் அலுவலகத்தில் ஸ்டாண்டர்டு ஹவர்ஸ் என்பார்களே, அது. 8 மணி நேர ஷிஃப்டில் பலகையில் 34 பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். தேநீர் நேரம் அலவன்ஸுக்குள்ளேயே இருப்பதால் அதை மறுபடியும் கழிக்காதீர்கள்.

பெயர்ப் பட்டியலில் 34 பேர் போதாது. முகூர்த்த நாளிலும் கோயில் கொடையிலும் ஆலயத் திருவிழாவிலும் பத்தில் ஒருவர் வருவதில்லை. 38 பேர் இருந்தால்தான் 34 பேர் உட்காருவார்கள். உங்கள் பதிவேட்டில் எத்தனை சதவீதம் என்று நீங்களே பாருங்கள்.

இனி என் பிழைக்கு வருகிறேன். முதலில் மார்ச் மாதத்தில் அளந்தபோது ஒவ்வொரு தட்டிலும் இரண்டு மூன்று பருப்பில் தோல் ஒட்டிக்கொண்டு வராமல் நின்றது. ஒன்றுக்கு 12 வினாடி போல ஆனது, கத்தி முனையால் சீவ வேண்டியிருந்தது. மற்றவை 3.5 வினாடியில் முடிந்தன. புத்தகத்தில் "அசாதாரண அளவுகளை நீக்குக" என்று படித்திருந்தேன், நீக்கிவிட்டேன். கணக்கில் 30 பேர் வந்தது. முதலாளிக்கு மகிழ்ச்சி.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும் அந்த 30 பேர் 210 கிலோவில் நின்றார்கள். யார் மேலும் குற்றமில்லை. போர்மாவில் காய்ந்து வரும்போது பருப்பு சுருங்கி, தோல் மொறுமொறுவென்று விலகியிருக்கும். ஈரக்காற்றில் கிடந்தால் திரும்ப ஈரம் ஏறி ஒட்டிக்கொள்ளும். பலகையில் மூத்தவராக இருந்த அக்கா ஒரு பருப்பை என் உள்ளங்கையில் வைத்து, "மக்களே, இதை நீ உரித்துப் பார். நீ எழுதிவைத்திருக்கிற நேரத்தில் முடிகிறதா என்று பார்ப்போம்" என்றார். எனக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆனது, பருப்பும் உடைந்துவிட்டது.

ஒட்டுப்பருப்பு அசாதாரணம் அல்ல, அது வேலையின் ஒரு பகுதி. நீக்கத்தக்கது என்றால் தும்மல், போன் அழைப்பு, தட்டு கவிழ்ந்தது போன்றவைதான். அதன்பிறகு ஒட்டுக்கும் ஒட்டாததற்கும் தனித்தனி நேரம் வைத்தேன். 50க்கு 3 ஒட்டு இருந்தால் மேலே சொன்ன 200 வினாடி. அது 10 ஆனால் 260 வினாடி. அதே முறையில் கணக்கிட்டால் பலகையில் 43 பேர் வேண்டும். ஒன்பது பேர் வித்தியாசம். இவ்வளவு பேரைச் சேர்ப்பதைவிடப் போர்மாவிலிருந்து வரும் சரக்கை ஆறவிட்டுத் திறந்து போட்டு வைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக மூடிய பெட்டியில் எடுத்துப் பலகைக்குக் கொடுப்பது மலிவு. நாங்கள் அப்படித்தான் செய்தோம். மழைநாளில் ஒட்டு 6க்குக் குறைந்தது.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. 53 நிமிடக் கணக்குப்படி ஒருவர் நாளைக்கு 9 கிலோ உரிக்க வேண்டும். கூலிப் பதிவேட்டில் போன மாதம் அவரவர் உரித்த எடையைப் பாருங்கள். நடுவில் உள்ளவர் 8.5 முதல் 9.5 வரை இருந்தால் உங்கள் அளவு சரி. 11 கிலோ வருகிறது என்றால், கிலோக் கூலி குறைந்துவிடும் என்று பயந்து நீங்கள் நின்றபோது மெதுவாக உரித்திருக்கிறார்கள். அப்படி நேர்ந்தால் திரும்ப அளக்கும் முன்பு, எதற்காக அளக்கிறீர்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள், கூலியைத் தொடப்போவதில்லை என்றும் சொல்லுங்கள். தொடத்தான் போகிறீர்கள் என்றால் ஸ்டாப்வாட்ச்சை எடுத்துப் போகாதீர்கள், அந்த எண் எதற்கும் உதவாது.