ரத்ததான முகாம் பேனர், போஸ்டர்: கேள்வி பதில்

கல்லூரி வாசலுக்கு எட்டுக்கு நாலு அடி பேனர் அடிக்கிறோம் அக்கா. என்னென்ன எழுதணும்?

ரத்ததான முகாம், நாள், நேரம், இடம். அவ்வளவுதான். ஐம்பது அடி தள்ளி நிற்பவர் சிரமமில்லாமல் படிக்க எழுத்து ஐந்து அங்குல உயரமாவது வேண்டும். நாலடி என்பது 48 அங்குலம். தலைப்புக்கு 10, மற்ற மூன்று வரிக்கும் ஆறாறு, மீதி இடைவெளி என்று போட்டால் பேனர் நிறைந்துவிடும். சிறப்பு விருந்தினர் படத்துக்கு இடமில்லை. 'கல்லூரி வளாகம்' என்று பொத்தாம்பொதுவாகப் போடாமல் எந்தக் கட்டடம், எந்த மாடி என்று எழுதுங்கள்.

யார் கொடுக்கலாம், கூடாது என்பதை எங்கே போடுவது?

விடுதியிலும் கேன்டீனிலும் ஒட்டும் போஸ்டரில். அதில் பெரிய எழுத்து இதற்குத்தான்: "சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வருமுன் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள்." ரத்தப் பரிசோதனை மாதிரி நினைத்துக்கொண்டு வெறும் வயிற்றில் வரும் பிள்ளைகள் நிறைய. முதல்முறை கொடுப்பவர்களும் வயதில் சின்னவர்களும்தான் அதிகம் மயங்கி விழுவார்கள். கல்லூரி முகாமில் பாதிக்கூட்டம் அப்படித்தான். ஒருவர் விழுந்தால் வரிசையில் நிற்பவர்கள் மெல்ல நழுவிவிடுவார்கள்.

அதற்குக் கீழே வயது, எடை, காய்ச்சல், ஆன்டிபயாடிக், பச்சை குத்தியது. பச்சை குத்தி எத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பழைய போஸ்டரைப் பார்த்து எழுதாதீர்கள், வரப்போகும் ரத்த வங்கியின் படிவத்தைப் பார்த்து எழுதுங்கள்.

எனக்கு ஹீமோகுளோபின் 11. கொடுக்கலாமா?

இங்கே போஸ்டர் பேச்சு. 11 என்றால் எடுக்க மாட்டார்கள். டாக்டரைப் பாருங்கள்.

ஒரு யூனிட் மூன்று உயிரைக் காக்கும்னு போடலாமா? மூணா பிரிப்பாங்களே.

சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரிக்கலாம், சரிதான். ஆனால் எல்லா யூனிட்டையும் பிரிப்பதில்லை. 'மூன்று பேர் வரை உதவலாம்' என்று போடுங்கள்.

சிறப்பு விருந்தினர் போட்டோ எந்த மூலையில்?

முதல் பதில்.

'ரத்தம் கொடுத்தால் டி-ஷர்ட், அட்டெண்டன்ஸ்' என்று போட்டால் கூட்டம் வருமே?

வரும். போன வாரக் காய்ச்சலை மறைத்துக்கொண்டும் வரும்.

அதுக்குத்தான் டெஸ்ட் பண்றாங்களே மேடம்!

எச்ஐவி, மஞ்சள் காமாலை எல்லாம் பார்க்கிறார்கள். ஆனால் தொற்று புதிதாக வந்திருந்தால் முதல் சில நாட்களுக்கு எந்த டெஸ்டிலும் தெரியாது. அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பது, கொடுப்பவர் படிவத்தில் உண்மையைச் சொல்வதுதான். கொடுத்தால்தான் பரிசு என்றால் 'இல்லை' என்று டிக் அடிக்கத் தோன்றும். "வரும் அனைவருக்கும் அட்டெண்டன்ஸ்" என்று எழுதுங்கள். திருப்பி அனுப்பப்பட்டவருக்கும் அது கிடைக்க வேண்டும்.

அப்படிப் போட்டா வகுப்பைக் கட் அடிக்கவே பாதிப் பேர் வருவான். எங்க எச்ஓடி ஒத்துக்க மாட்டார்.

வரட்டுமே, எடை பார்க்கும் மேசையைத் தாண்டினால் கணக்கு. எச்ஓடியைச் சமாளிப்பது உங்கள் பாடு. அவர் மறுத்தால் அட்டெண்டன்ஸ் வரியையே எடுத்துவிடுங்கள், டி-ஷர்ட்டை மட்டும் அங்கே வைக்காதீர்கள்.