முதல் மெடிக்கல் பாலிசி: பிரீமியத்துக்கு முன்னால் அறை வாடகையைப் பாருங்கள்

கேள்வி: மதுரையில் பி.இ. கடைசி வருஷம் படிக்கிறேன். ஜூலையில் பெங்களூரில் வேலை. கம்பெனியே இன்சூரன்ஸ் தருமாம். தனியா ஒரு பாலிசி எடுக்கணுமா? எதைப் பார்த்து எடுக்கணும்?

எடுத்துவிடுங்கள். வேலையை விட்டால் கம்பெனி பாலிசியும் போய்விடும். சொந்தப் பாலிசியிலோ கிளைம் தராத காத்திருப்புக் காலம் உண்டு: விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள், ஹெர்னியா, மூலம், சிறுநீரகக் கல் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 2 வருஷம், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் 3 வருஷம். இப்போதே ஆரம்பித்தால், கம்பெனி பாலிசி கையில் இருக்கும்போதே இதெல்லாம் ஓடிவிடும்.

பிரீமியம் குறைவு என்று ஏஜென்ட் ஒரு பாலிசியை நீட்டினால், அதில் அறை வாடகைக்கு வரம்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 5 லட்சம் பாலிசி, வாடகை வரம்பு 1 சதவீதம் என்றால் நாளைக்கு 5,000 ரூபாய். அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு 8,000 ரூபாய் அறையில் 4 நாள் படுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் வாடகை 12,000 தானே, கையிலிருந்து கட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் வாடகையில் எந்த விகிதம் தருகிறார்களோ, அதே விகிதத்தில்தான் டாக்டர், தியேட்டர், நர்சிங் கட்டணங்களையும் தருவார்கள். எட்டுக்கு ஐந்து, அதாவது 62.5 சதவீதம். அந்தக் கட்டணங்கள் 1,20,000 என்றால் கிடைப்பது 75,000. மருந்து, பரிசோதனைக்கு இந்த வெட்டு கிடையாது. அது 60,000 என்றால் முழுதாக வரும். மொத்த பில் 2,12,000, கிடைப்பது 1,55,000, உங்கள் கையிலிருந்து 57,000. அறைக்கு அறை டாக்டர், தியேட்டர் கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியில் இந்த வெட்டுக்கு இடமில்லை, ஆனால் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் அப்படி எதிர்பார்க்காதீர்கள். வரம்பே இல்லாத பாலிசி, குறைந்தது 'தனி அறை' என்று எழுதியதை எடுங்கள்.

அடுத்தது முகவரி. சில பாலிசிகளில் ஊரைப் பொறுத்து பிரீமியம் மாறும். மதுரை முகவரிக்கு மலிவாக வரும். பெங்களூரில் சேர்ந்தால் பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்டச் சொல்லும் நிபந்தனையும் அதோடு வரலாம். ஆதாரில் வீட்டு விலாசம் இருப்பதால் யாரும் கேட்காமலே மதுரையைப் போட்டுவிடுவார்கள். வேலை பார்க்கப்போகும் ஊரைச் சொல்லி விலை கேளுங்கள்.

விண்ணப்பப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள். ஏஜென்ட் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் போட்டு, ஓ.டி.பி. மட்டும் கேட்பார். சின்ன வயசு வீசிங், பள்ளியில் செய்த டான்சில் ஆபரேஷன் எதையும் விடாதீர்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் கிளைமை மறுப்பார்கள், பாலிசியையே ரத்தும் செய்யலாம். தொடர்ந்து 60 மாதம் கட்டிய பிறகுதான், மோசடி என்று நிரூபித்தாலொழிய, அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, 18 சதவீதம் சேர்த்துச் சொன்னால் அது பழைய கணக்கு. பாலிசி கைக்கு வந்ததும் அதோடு இருக்கும் படிவ நகலைப் படித்துப் பாருங்கள். தப்பு இருந்தால் எழுதித் திருத்தச் சொல்லுங்கள். நிபந்தனை பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.